கையெழுத்து விழா அழைப்பிதழ்: யார் பெயர் முதலில், யாருக்கு எந்த இருக்கை, எப்போது புகைப்படம்?

புதுதில்லி: இரண்டு நிறுவனங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிகழ்ச்சி பார்வைக்கு மிக எளிமையானது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு கோப்புறைகள், இரண்டு பேனாக்கள், சில நிமிடங்கள். ஆனால் மத்திய அரசின் கீழ் இயங்கும் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இத்தகைய விழாக்களை ஏற்பாடு செய்யும் அதிகாரிகள் ஒப்பந்தத்தின் வாசகத்தைவிட அழைப்பிதழின் வாசகத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுவது வழக்கம். ஒப்பந்தத்தில் பிழை நேர்ந்தால் திருத்த ஆவணம் ஒன்றில் கையெழுத்திட்டுச் சரிசெய்துவிடலாம். அழைக்கப்பட வேண்டியவர் அழைக்கப்படாமல் விடுபட்டால் அது நாடாளுமன்ற உரிமை மீறல் புகாராகக் கூட மாறக்கூடும்.

இந்தக் கட்டுரை அத்தகைய ஒரு விழாவின் அழைப்பிதழ், இருக்கை வரிசை, நேர ஒழுங்கு, புகைப்படங்கள் ஆகியவற்றுக்கான விதிகளையும் மரபுகளையும் விளக்குகிறது. விளக்கத்துக்காக ஒரு மாதிரி நிகழ்ச்சி எடுத்துக்கொள்ளப்படுகிறது. போபாலில் உள்ள மத்திய அரசுக் கல்வி நிறுவனம் ஒன்று, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் தனது வளாகத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்கிறது என வைத்துக்கொள்வோம். மத்திய இணையமைச்சர் தலைமை விருந்தினர். மத்தியப் பிரதேச அரசின் கேபினட் அமைச்சர் ஒருவர், அத்தொகுதியின் மக்களவை உறுப்பினர், மத்திய அமைச்சகத்தின் செயலாளர் ஆகியோரும் அழைக்கப்படுகின்றனர். கையெழுத்திடுவோர் இரு நிறுவனங்களின் தலைவர்கள்.

அழைப்பிதழுக்கு முன்பு

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பு இரண்டு செய்திகள் எழுத்து வடிவில் கைக்கு வந்திருக்க வேண்டும். முதலாவது, ஒப்பந்த வாசகத்துக்கு இரு தரப்பின் இறுதி ஒப்புதல். இரண்டாவது, தலைமை விருந்தினரின் அலுவலகத்திலிருந்து நாள், நேரம் குறித்த உறுதி. தொலைபேசியில் கிடைத்த உறுதியை நம்பி அச்சடித்துவிட்டு, பின்னர் தேதியின் மேல் தாள் ஒட்டி அனுப்பும் நிலை பல அலுவலகங்களில் ஏற்படுவது உண்டு. இதைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் முதலில் 'இந்த நாளை ஒதுக்கி வைக்கவும்' என்ற சிறு மின்னஞ்சலை மட்டும் அனுப்பிவிட்டு, உறுதி கிடைத்த பின்னரே முறையான அழைப்பிதழை வெளியிடுகின்றன.

தேர்தல் காலம் வேறு வகைச் சிக்கல். தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்ட நொடியிலிருந்து நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். அதன் பிறகு அமைச்சர் கலந்துகொள்ளும் அரசு நிறுவன விழாவை வழக்கம்போல் நடத்த இயலாது. நாளைத் தேர்வு செய்யும்போதே இதைக் கணக்கில் கொள்ளாத நிறுவனம் பின்னர் விழாவை மாதக்கணக்கில் தள்ளிவைக்க நேரிடும், அல்லது அமைச்சர் இன்றி, மேடை இன்றி, இரு அலுவலர்கள் அறைக்குள் கையெழுத்திட்டு முடிக்க நேரிடும். சட்டப்படி இரண்டாவது வழியில் ஒப்பந்தத்துக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழா என்பது ஒப்பந்தத்தின் பகுதி அல்ல.

மக்களவை உறுப்பினரின் பெயர்

அழைப்பிதழில் அதிகமாகச் சர்ச்சைக்கு உள்ளாகும் வரி இதுதான். அரசு நிர்வாகத்துக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடையிலான அலுவல் தொடர்புகள் குறித்து மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2011 டிசம்பர் 1 அன்று விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. அரசு அலுவலகம் நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்கு அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தவறாமல் அழைக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஒரு தொகுதி ஒன்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் பரவியிருந்தால், அம்மாவட்டங்களில் எதில் நிகழ்ச்சி நடந்தாலும் அந்த உறுப்பினரை அழைக்க வேண்டும். அவர்களின் தகுதிக்கு ஏற்ற இருக்கைகளை ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும், முன்னுரிமை வரிசையில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மத்திய அரசுச் செயலாளர்களுக்கு மேலே இருப்பவர்கள் என்றும் அந்த வழிகாட்டுதல் நினைவூட்டுகிறது.

அதில் உள்ள இன்னொரு வரி ஏற்பாட்டாளர்களின் கண்ணிலிருந்து அடிக்கடி தப்பிவிடுகிறது. தொகுதியில் நடைபெறும் விழாவின் அழைப்பிதழில், வருகையை உறுதி செய்த உறுப்பினர்களின் பெயர்களைச் சேர்க்கலாம் என்பதே அது. அழைப்பது கட்டாயம், பெயர் அச்சிடுவது உறுதி கிடைத்த பிறகு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள் இரு வகையில் தவறுகின்றனர். ஒரு சாரார் கேட்காமலேயே பெயரை அச்சிட்டு, அந்த அச்சிட்ட அட்டையையே அழைப்பாக அனுப்புகின்றனர். மற்றொரு சாரார் உறுதி வரவில்லை என்பதால் அழைப்பையே அனுப்பாமல் விட்டுவிடுகின்றனர். பின்னது பெரிய தவறு.

மாதிரி நிகழ்ச்சியில் சரியான வழி இவ்வாறு அமையும். விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு நிறுவனத் தலைவரின் கையெழுத்துடன் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கும் தில்லி முகவரிக்கும் கடிதம் அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கோப்பில் வைக்கப்படுகிறது. ஒரு வாரம் கழித்து ஓர் அலுவலர் நேரில் சென்று பதில் கேட்கிறார். உறுதி கிடைத்தால் பெயர் அச்சில் ஏறுகிறது. கிடைக்காவிட்டால் பெயரின்றி அச்சிட்ட அட்டை மரியாதைக்குரிய முறையில் நேரில் அளிக்கப்படுகிறது, மேடையில் இருக்கைக்கான இடமும் கணக்கில் வைக்கப்படுகிறது. பின்னாளில் புகார் எழுந்தால் காப்பாற்றுவது அந்த ஒப்புகைச் சீட்டுதான்.

அட்டையில் என்ன இருக்க வேண்டும்

அழைப்பவர் யார் என்பது முதல் வரியில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அழைக்கின்றனவா, வளாகத்துக்கு உரிய நிறுவனம் மட்டும் அழைக்கிறதா என்பது முன்னதாகவே முடிவு செய்யப்பட வேண்டியது. கூட்டாக அழைத்தால் இரு இலச்சினைகளும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இடம்பெறும். ஒன்று வட்டமாகவும் மற்றொன்று நீள்செவ்வகமாகவும் இருக்கும்போது உயரத்தை மட்டும் சமமாக்கினால் நீளமானது பெரிதாகத் தெரியும். கண்ணுக்குச் சமமாகத் தெரியுமாறு அச்சகத்தில் சரிசெய்து இரு தரப்பின் ஒப்புதலையும் பெறுவது நல்லது. இலச்சினையின் அளவு குறித்து விழாவின் முந்தைய நாள் இரவில் தகராறு எழுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் நடக்கக்கூடியதே.

நான்கு சிங்கங்கள் கொண்ட தேசியச் சின்னத்தை அட்டையின் உச்சியில் வைக்கும் ஆர்வம் பல நிறுவனங்களுக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2007-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. அனுமதி பெறாத அமைப்புகள் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்த உரிமை உள்ளவர்களும் 'சத்யமேவ ஜயதே' என்ற வாசகத்தை விட்டுவிட்டுச் சிங்கங்களை மட்டும் அச்சிடுவது முறையல்ல.

அட்டையின் நடுப்பகுதியில் நிகழ்ச்சியின் பெயர், தலைமை விருந்தினர், முன்னிலை வகிப்போர், நாள், நேரம், இடம் ஆகியவை வரும். இங்கு மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற சொல் நிலைத்துவிட்டதால், அதைச் சுருக்கி 'ஒப்பந்தம் கையெழுத்தாகிறது' என்று எழுதுவது செய்திகளில் இயல்பாகிவிட்டது. பல புரிந்துணர்வு ஆவணங்கள் எவ்விதப் பணப் பொறுப்பையும் ஏற்காமல், சேர்ந்து பணியாற்றும் விருப்பத்தை மட்டுமே பதிவு செய்கின்றன. மறுபுறம், அந்தப் பெயரைத் தாங்கிய ஆவணம் சட்டப்படி கட்டுப்படுத்தவும் கூடும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பார்க்கப்படுவது தலைப்பு அன்று, உள்ளடக்கமே. எனவே அழைப்பிதழிலும் செய்திக்குறிப்பிலும் ஆவணத்தின் முதல் பக்கத்தில் உள்ள பெயரையே முழுமையாக எழுதுவது பாதுகாப்பானது.

கடைசிப் பகுதி சிறிய எழுத்தில் வந்தாலும் பயன் மிகுந்தது. எத்தனை மணிக்குள் அமர வேண்டும், அட்டை எத்தனை பேருக்கு, வாகனம் எந்த வாயிலில் நுழைய வேண்டும், அடையாள அட்டை தேவையா, வருகையை யாரிடம் எந்த நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும் என்பவை இதில் அடங்கும். 'காலை 11 மணி' என்று மட்டும் அச்சிட்டால் விருந்தினர்கள் 11 மணிக்கு வாயிலுக்கு வருவார்கள். 'விருந்தினர்கள் 10.45 மணிக்குள் இருக்கையில் அமருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்ற வரிதான் அரங்கை நேரத்துக்கு நிரப்பும்.

மேடையில் ஆறு நாற்காலிகள்

இருக்கை வரிசைக்கு அடிப்படை, குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலை 26 அன்று வெளியிட்ட முன்னுரிமை அட்டவணை. பின்னர் அதில் திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன. அரசு விழாக்களுக்கும் சடங்கு நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே அது பொருந்தும், அன்றாட அரசு அலுவல்களுக்குப் பொருந்தாது என்று அதன் குறிப்பே கூறுகிறது. ஒரே எண்ணின் கீழ் வரும் இருவரில், அந்த நிலைக்கு முதலில் வந்தவர் முன்னவர்.

அதன்படி மத்திய இணையமைச்சருக்கு 10-ஆவது இடம். மாநில கேபினட் அமைச்சர் தமது மாநிலத்துக்குள் 15-ஆவது இடத்தில் இருக்கிறார். மாநிலத்துக்கு வெளியே அவரது இடம் மேலும் கீழிறங்கும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 21, மத்திய அரசின் செயலாளருக்கு 23. மாநில முதலமைச்சர் வந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். தமது மாநிலத்தில் அவருக்கு 7-ஆவது இடம்; இணையமைச்சரை அவர் முந்திவிடுவார். கல்வி நிறுவனத் தலைவர்களின் வரிசை இவர்களுக்குப் பின்னரே வருகிறது. ஆகவே மாதிரி நிகழ்ச்சியில் முதல் நான்கு இடங்கள் அட்டவணைப்படியும், கடைசி இரண்டு இடங்கள் விருந்தோம்பல் மரபுப்படியும் நிரப்பப்படுகின்றன. வந்திருக்கும் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ஐந்தாமவர்; அழைத்திருக்கும் நிறுவனத்தின் தலைவர் ஆறாமவர்.

வரிசை கிடைத்த பிறகு அதை நாற்காலிகளாக மாற்ற வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் முதலாமவர் நடுவில், இரண்டாமவர் அவருக்கு வலப்புறம், மூன்றாமவர் இடப்புறம் என மாறி மாறிச் செல்லும். இங்கே 'வலம்' என்பது மேடையில் அமர்ந்திருப்பவரின் வலம். அரங்கிலிருந்து பார்ப்பவருக்கு அது இடம். குழப்பங்களில் பாதிக்குக் காரணம் இதுதான். வரைபடத்தை வரைபவர் அரங்கில் நின்று வரைவார். பெயர்ப்பலகை வைப்பவர் மேடையில் நின்று வைப்பார். வரைபடத்தின் அடியில் 'பார்வையாளர் பக்கம்' என்று எழுதிவிட்டால் இது தீரும்.

ஆறு பேர் என்பதால் நடு நாற்காலி இல்லை. மேடையின் மையக் கோட்டுக்கு வலப்புறம் இணையமைச்சர், இடப்புறம் மாநில அமைச்சர் என முதல் இருவரும் மையத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். இணையமைச்சரின் வலப்புறம் மக்களவை உறுப்பினர், மாநில அமைச்சரின் இடப்புறம் செயலாளர், வலக் கோடியில் ஆய்வு நிறுவனத் தலைவர், இடக் கோடியில் கல்வி நிறுவனத் தலைவர்.

விழாவுக்கு முந்தைய இரவு மாநில அமைச்சரால் வர இயலவில்லை என்றும், அவருக்குப் பதிலாகத் துறை அதிகாரி ஒருவர் வருவார் என்றும் தகவல் வருகிறது என வைத்துக்கொள்வோம். இங்கே நடக்கும் வழக்கமான தவறு, அமைச்சரின் நாற்காலியில் அந்த அதிகாரியை அமர்த்துவது. பிரதிநிதியாக வருபவர் அனுப்பியவரின் இடத்தைப் பெறுவதில்லை. தமது பதவிக்கு உரிய இடத்தையே பெறுகிறார் என்பதுதான் பொதுவான மரபு. எனவே அதிகாரிக்கு அரங்கின் முதல் வரிசையில் இருக்கை ஒதுக்கப்படுகிறது. மேடையில் ஒரு நாற்காலி அகற்றப்பட்டு மொத்த வரிசையும் மறுபடி கணக்கிடப்படுகிறது. இப்போது ஐந்து பேர். நடுவில் இணையமைச்சர், அவரது வலப்புறம் மக்களவை உறுப்பினர், இடப்புறம் செயலாளர், வலக் கோடியில் ஆய்வு நிறுவனத் தலைவர், இடக் கோடியில் கல்வி நிறுவனத் தலைவர். காலி நாற்காலியை அப்படியே விட்டுவைத்தால் எல்லாப் புகைப்படங்களிலும், வராதவரே முதலில் கண்ணில் படுவார்.

கையெழுத்து மேசை தனியானது. அது மேடையின் முன்பகுதியில் அரங்கை நோக்கிப் போடப்படுகிறது. அழைத்தவர் தமது வலப்புறத்தை விருந்தினருக்குத் தருவது மரபு என்பதால் ஆய்வு நிறுவனத் தலைவர் வலப்புறம் அமர்கிறார். மேலே சொன்ன மேடை வரிசையிலும் அவர் அதே பக்கம் இருப்பதால், இருவரும் ஒருவரை ஒருவர் குறுக்கிடாமல் தத்தம் பக்கத்திலிருந்தே இறங்கி வந்து அமரலாம். முக்கிய விருந்தினர்கள் இருவருக்கும் பின்னால் நிற்பர்; இணையமைச்சர் நடுவில்.

தேசியக் கொடி மேடையில் கம்பத்தில் வைக்கப்படுவதாக இருந்தால், 2002-ஆம் ஆண்டு இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி அது அரங்கை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்புறம் இருக்க வேண்டும். கொடியை மேசை விரிப்பாகவோ பேச்சு மேடையின் மீது போர்த்தவோ கூடாது. கையெழுத்திடும் மறுதரப்பு வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் இன்னொரு கேள்வி எழும். பல நாட்டுக் கொடிகள் ஒரே வரிசையில் வரும்போது, அரங்கை நோக்கி நிற்பவரின் வலக் கோடியில் இந்தியக் கொடி இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. வலப்புறம் விருந்தினருக்கு என்கிறது மரபு. இரண்டையும் அப்படியே பின்பற்றினால் வெளிநாட்டு விருந்தினர் இந்தியக் கொடியின் முன்பும், இந்தியத் தலைவர் அயல்நாட்டுக் கொடியின் முன்பும் அமர்ந்திருப்பர். கொடிக்கான விதி எழுதப்பட்டது, இருக்கைக்கான மரபு வளைந்து கொடுக்கக்கூடியது என்பதால், கொடியை நகர்த்தாமல் இருக்கைகளை மாற்றுவதே தீர்வு. மாற்றுவதற்கு முன்பு விருந்தினர் தரப்புக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

மேசையின் மீது

மேசையில் ஆவணத்தின் இரண்டு மூலப் பிரதிகள் இருக்கும். அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகளில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு முறை நிறுவனங்களின் ஆவணங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு தரப்பும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பிரதியில் தன் பெயர் முதலில் இருக்கும், தன் கையெழுத்து முதல் இடத்தில் வரும். இதனால் 'யார் முதல்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. இந்த முறையைப் பின்பற்றினால் கோப்புறைகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கையெழுத்திடுபவர் முன் முதலில் வைக்கப்படுவது அவரது நிறுவனத்தின் பிரதி. அவர் கையெழுத்திட்டதும் அருகில் நிற்கும் உதவியாளர் அதை எடுத்து மறுபக்க உதவியாளருடன் மாற்றிக்கொள்கிறார். இரண்டாவது கையெழுத்து முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் மறுதரப்பின் பிரதி இருக்கும். எழுந்து நின்று பரிமாறிக்கொள்ளும்போது அவரவர் பிரதி அவரவரிடம் வந்து சேரும். உதவியாளர்கள் கையெழுத்துகளுக்கு நடுவே மாற்ற மறந்துவிட்டால், கேமராக்களின் முன் பரிமாறிய பிறகு இரு தரப்பும் ஒரு கையெழுத்து மட்டுமே உள்ள, அடுத்தவருக்கு உரிய பிரதியுடன் வீடு திரும்புவர்.

உள்பக்கங்களில் சுருக்கொப்பம் இடுவது, சாட்சிகளின் கையெழுத்து, முத்திரை ஆகியவற்றை விழாவுக்கு முன்பே அறைக்குள் முடித்துவிடலாம். மேடையில் ஒவ்வொருவரும் இரண்டே இடங்களில் கையெழுத்திட வேண்டும். அவ்விடங்களில் சிறு வண்ணச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். பேனாக்களை அதே தாளில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். வழவழப்பான தடித்த தாளில் சில பேனாக்களின் மை உலராமல், கோப்புறையை மூடியதும் எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும்.

தேதி இடும் இடம் காலியாக விடப்பட்டு, கையெழுத்தின்போது நிரப்பப்படுவதே நல்லது. இந்தியா, பாகிஸ்தான் இடையிலான சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2 என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது. ஆனால் இந்திரா காந்தியும் ஜுல்பிகர் அலி புட்டோவும் அதில் கையெழுத்திட்டபோது நள்ளிரவு கடந்து ஜூலை 3 பிறந்திருந்தது. இரு நாட்டுத் தலைவர்களின் உடன்படிக்கைக்கு அது இடையூறாகவில்லை. ஆனால் 'கையெழுத்தான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்' என்று காலவரையறை கொண்ட நிறுவன ஆவணத்தில், விழா ஒரு வாரம் தள்ளிப்போனால் முன்பே அச்சிட்ட தேதி பின்னாளில் கேள்வியாக எழும்.

நாற்பத்தேழு நிமிடங்கள்

மாதிரி நிகழ்ச்சியின் நேர ஒழுங்கு இவ்வாறு அமையலாம். 10.30 மணிக்கு வாயில் திறக்கிறது, 10.45-க்குள் விருந்தினர்கள் அமர்கின்றனர், 11 மணிக்கு மேடை நிரம்பியிருக்கிறது. விளக்கேற்றல் ஐந்து நிமிடங்கள். வரவேற்புக்கு மூன்று, ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை விளக்க நான்கு. 11.12-க்குக் கையெழுத்து தொடங்குகிறது. அதற்கு நான்கு நிமிடங்கள், பரிமாற்றத்துக்கும் படங்களுக்கும் மூன்று. 11.19-க்கு உரைகள். ஆய்வு நிறுவனத் தலைவரும் கல்வி நிறுவனத் தலைவரும் தலா நான்கு நிமிடங்கள், செயலாளர் மூன்று, மக்களவை உறுப்பினர் ஐந்து, இறுதியாக இணையமைச்சர் பத்து. நன்றியுரை இரண்டு நிமிடங்களில் முடிந்தால் கடிகாரம் 11.47 காட்டும். இருக்கை மேலிருந்து கீழ் நோக்கிக் கணக்கிடப்படுகிறது, பேச்சு வரிசை கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

கையெழுத்தை உரைகளுக்கு முன்பே வைத்திருப்பதில் காரணம் உண்டு. பல விழாக்களில் அது கடைசி நிகழ்வாக வைக்கப்படுகிறது. எல்லா உரைகளும் நீண்டு, அமைச்சர் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்த பிறகு, அவசரமாக மேசை இழுத்து வரப்படுகிறது. ஊடகத்தினருக்கும் தேவைப்படுவது கையெழுத்தும் தலைமை விருந்தினரின் உரையும்தான். முன்னதாகவே கையெழுத்து முடிந்துவிட்டால், உரைகள் நடக்கும்போதே முதல் படம் செய்தி அறைக்குச் சென்றுவிடும்.

இதே காரணத்தால் செய்திக்குறிப்பை வெளியிடும் நேரத்துக்கும் ஒழுங்கு வேண்டும். 'இன்று கையெழுத்தானது' என்று இறந்தகாலத்தில் எழுதிய குறிப்பைக் காலை 9 மணிக்கே அனுப்பிவிடும் நிறுவனங்கள் உள்ளன. விழா நின்றுபோனால், நடக்காத ஒன்று செய்தியாகிவிடும். குறிப்பை முன்பே எழுதி வைக்கலாம்; கையெழுத்து முடிந்தது என்று அரங்கிலிருந்து தகவல் வந்த பின்னரே அனுப்ப வேண்டும்.

புகைப்படங்கள்

விழா முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் எஞ்சியிருப்பவை ஆவணமும் படங்களுமே. தேவைப்படும் படங்கள் மிகச் சில: இருவரும் ஒரே நேரத்தில் கையெழுத்திடுவது, கோப்புறைகளைப் பரிமாறிக்கொள்வது, எல்லோரும் நிற்கும் குழுப் படம், அரங்கு முழுவதையும் காட்டும் ஒரு படம்.

பரிமாற்றப் படம்தான் பெரும்பாலும் செய்தியில் வரும். அதில் இருவரும் வலக்கையால் கைகுலுக்க வேண்டும், இடக்கையில் கோப்புறையை நெஞ்சு உயரத்தில் பிடித்திருக்க வேண்டும், முகங்கள் கேமராவை நோக்க வேண்டும். ஒத்திகை இல்லாவிட்டால் கோப்புறைகள் தலைகீழாகவோ, இலச்சினை இல்லாத பின்பக்கம் முன்னால் தெரியுமாறோ பிடிக்கப்படும். மூடிய கோப்புறையில் மேல் எது, கீழ் எது என்று தெரிவதற்கு உள்பக்கத்தில் சிறு புள்ளி ஒட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் உடனே இரண்டு அடி பின்வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரு தலைவர்களுக்கும் நடுவே அவரது முகமே தெளிவாக விழும்.

பின்னணிப் பதாகையும் இங்கே முக்கியம். பளபளப்பான ஃபிளெக்ஸ் துணி ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும். மங்கலான பரப்பு கொண்டதே ஏற்றது. நிறுவனங்களின் பெயரும் நிகழ்ச்சியின் பெயரும் நிற்பவர்களின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். பதாகையின் நடுவில் பெரிய எழுத்தில் எழுதப்பட்ட பெயர் கணினித் திரையில் அழகாகத் தெரியும்; மேடையில் ஐந்து பேர் நின்றதும் முழுமையாக மறைந்துவிடும்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு மேசைக்கு நேர் எதிரே, அரங்கின் முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையில் கயிறு கட்டி இடம் ஒதுக்கப்பட வேண்டும். தாங்கிகளுடன் நிற்கும் காணொளிக் கேமராக்கள் அவர்களுக்குப் பின்னால், சற்று உயர்ந்த பலகையில். இடம் ஒதுக்காவிட்டால் எல்லோரும் மேடையேறுவர். அதன் பிறகு அரங்கில் இருப்பவர்கள் பார்ப்பது கேமராக்காரர்களின் முதுகை.

நேரத்துக்கு வர இயலாத புகைப்படக்காரருக்காக இருவரையும் மறுபடி அமரவைத்துக் கையெழுத்திடுவதுபோல் படம் எடுப்பதும் நடக்கிறது. எழுதிய கையெழுத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோவது ஆபத்தானது. மூல ஆவணத்தில் இரட்டைக் கோடு விழுந்துவிடக்கூடும். அவசியமென்றால் வெற்றுத்தாள் வைத்த கோப்புறையைப் பயன்படுத்தலாம். ஆனால் அப்படி எடுத்த படத்தை 'கையெழுத்திடும் காட்சி' என்று செய்தியில் வெளியிடுவது நேர்மையாகாது. பரிமாற்றப் படத்தையோ குழுப் படத்தையோ பயன்படுத்துவதே சரி.

படத்துடன் பெயர்ப்பட்டியலும் அனுப்பப்பட வேண்டும். 'இடமிருந்து வலமாக' என்ற சொற்கள் படத்தைப் பார்ப்பவரின் இடத்தைக் குறிக்கின்றன. ஆகவே மாதிரி நிகழ்ச்சியின் மேடைப் படத்துக்கு ஆய்வு நிறுவனத் தலைவர், மக்களவை உறுப்பினர், இணையமைச்சர், செயலாளர், கல்வி நிறுவனத் தலைவர் என்ற வரிசை வரும். இருக்கை வரைபடத்திலிருந்து இப்பட்டியலை நகலெடுக்கக் கூடாது. குழுப் படத்துக்கு எழுந்து நிற்கும்போது மேடையின் ஓரத்தில் இருப்பவர்கள் இடம் மாறுவது சகஜம். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்துக்கு முகம் சரிபார்த்து எழுதும் ஓர் அலுவலரை இதற்கென்றே நியமிப்பது வீண் செலவு அல்ல; தவறான பெயருடன் வெளியான படம் எத்தனை திருத்தங்கள் வந்தாலும் கைபேசிகளில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.